ரிசர்வ் இரண்டு கோடி இருக்கிறதே, அப்புறம் கடன் எதற்கு?

"ரிசர்வ் ரெண்டு கோடிக்கு மேல இருக்கு சார், நல்ல கம்பெனிதான்." காரைக்குடியில் ஆடிட்டராக இருக்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன மாதம் இதைச் சொன்னவர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பி.எஃப். பணத்தில் பத்து லட்சத்தைத் தெரிந்தவரின் கம்பெனியில் வட்டிக்குப் போட்டிருக்கிறார். நாலு மாதமாக வட்டி வரவில்லை. கையில் அந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட், அதில் ரிசர்வுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு. "இவ்வளவு பணத்தை வச்சுக்கிட்டு எனக்கு வட்டி தர மாட்டேங்கிறானே தம்பி, நியாயமா?" என்றார்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், வணிகவியல் வகுப்பில் மாணவர்கள் பேலன்ஸ் ஷீட் படிப்பது பற்றிப் பேசுகிறார்கள், வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டார்கள். பேசிய பையன் நன்றாகத்தான் பேசினான். தலைப்புகளை வரிசை பிசகாமல் சொன்னான். கேள்வி நேரம் வந்ததும் "கரன்ட் ரேஷியோ எவ்வளவு?", "குட்வில் என்றால் என்ன?" என்று பாடப்புத்தகக் கேள்விகள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் மட்டும் எழுந்து, "ரிசர்வ் ரெண்டு கோடி பத்து லட்சம் இருக்கே, அப்புறம் ஏன் பேங்க்ல ஒண்ணே முக்கால் கோடிக்கு மேல கடன் வாங்கியிருக்காங்க?" என்று கேட்டாள். பையன் யோசிக்காமல், "அது எதிர்காலத் தேவைக்குத் தனியா எடுத்து வச்சிருக்கிற பணம்" என்றான். வகுப்பு தலையாட்டியது. ஆசிரியரும் தலையாட்டினார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

ரிசர்வ் என்பது பணம் இல்லை. பணமாக இருந்தால் அது சொத்துப் பக்கத்தில் 'ரொக்கமும் வங்கி இருப்பும்' என்ற வரியில் இருக்க வேண்டும். ரிசர்வ் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பங்கு மூலதனத்துக்கு நேர் கீழே, பணம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்கிற பக்கத்தில். 'இத்தனை வருடமாகச் சம்பாதித்த லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் கம்பெனியிலேயே விட்டது இவ்வளவு' என்பதுதான் அந்த வரி சொல்வது. அந்தப் பணம் இப்போது எங்கே என்று அந்த வரிக்குத் தெரியாது. நம் ஊரில் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. பாட்டையா சம்பாதித்ததெல்லாம் பர்மாத் தேக்காகவும் ஆத்தங்குடிக் கல்லாகவும் முன்னே நிற்கிறது. சம்பாத்தியம் உண்மை. அதற்காகத் தூணிடம் போய்ச் சில்லறை கேட்க முடியுமா?

எனவே அந்த வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி, "ரிசர்வ் இப்போது எந்த உருவத்தில் இருக்கிறது?" என்பது. இதற்குப் பதில் சொல்ல ஒரு வருடத்தின் எண்கள் போதாது. பேலன்ஸ் ஷீட்டில் பக்கத்திலேயே போன வருடத்தின் எண்களும் அச்சாகியிருக்கும். பையனின் ஸ்லைடில் அந்தப் பத்தி வெட்டப்பட்டிருந்தது, இடம் போதவில்லையாம்! வெட்டியது பாதி விஷயத்தை.

அவன் எடுத்துக்கொண்டது டைல்ஸ் தயாரித்து விற்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பெயர் வேண்டாம், எண்களையும் முழு லட்சமாக்கிக்கொள்கிறேன். பேலன்ஸ் ஷீட்டின் மொத்தம் 600 லட்சம், போன வருடம் 495. ரிசர்வ் 180-லிருந்து 210 ஆகியிருக்கிறது. டிவிடெண்ட் கொடுக்கவில்லை, எனவே இந்த வருட லாபம் 30 லட்சம். சரி, ரொக்கம்? 18-லிருந்து 5 லட்சமாகக் குறைந்திருக்கிறது. லாபம் 30 வந்த வருடத்தில் கையிருப்பு 13 குறைவானேன்?

இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்துக் கழித்துக்கொண்டே வாருங்கள். லாபம் 30. தேய்மானம் 25 லட்சம் செலவாக எழுதப்பட்டிருந்தாலும் கையை விட்டுப் போகவில்லை, அதைத் திரும்பச் சேர்த்தால் 55. இனி வெளியே போனது: சரக்கு 120-லிருந்து 170, அங்கே 50 முடங்கியது. பார்ட்டிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி 140-லிருந்து 215, அங்கே 75. கொடுத்த முன்பணம் 12-லிருந்து 20, அதில் 8. ஆக 133 லட்சம். சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப் போட்டதில் 40, மற்ற பாக்கிகளில் 5 என்று 45 மிச்சம் பிடித்திருக்கிறார்கள். 55-ஐயும் 45-ஐயும் கூட்டி 133-ஐக் கழித்தால், வியாபாரத்தில் 33 லட்சம் துண்டு விழுகிறது. லாபம் வந்த அதே வருடத்தில்!

அந்தத் துண்டோடு 10 லட்சத்துக்கு மெஷின் வாங்கியிருக்கிறார்கள், டேர்ம் லோனில் 20 லட்சம் கட்டியிருக்கிறார்கள். ஆக 63 வேண்டும். பேங்கில் குறுகிய காலக் கடன் 90-லிருந்து 140 ஆனது 50. மீதி 13 கையிருப்பிலிருந்து. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: ரிசர்வ் சரக்காகவும் பாக்கியாகவும் மாறிவிட்டது, அதனால்தான் கடன். கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் இருந்தால் இந்தக் கணக்கு போட்டே இருக்கும். ஆனால் கம்பெனிச் சட்டப்படி சிறிய கம்பெனிகளுக்கு அது கட்டாயமில்லை. நம் பக்கத்தில் நீங்கள் பார்க்கப்போகும் கம்பெனிகளில் பெரும்பாலானவை அந்த ரகம்தான், எனவே ஒரு தாளும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இறுதி எண் ரொக்கத்தின் வித்தியாசத்தோடு ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு வரியை விட்டிருக்கிறீர்கள்.

இப்போது 215 லட்சம் பாக்கிக்கு வருவோம். வகுப்பு கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி, "இதில் பழையது எவ்வளவு?" விற்பனை 700-லிருந்து 730 லட்சம், நாலு சதவீதம்தான் கூடியிருக்கிறது. பாக்கி ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. நாளாக மாற்றினால், போன வருடம் விற்ற பணம் வர 73 நாள், இந்த வருடம் 107 நாள். விற்பனையை விட வேகமாகப் பாக்கி வளர்ந்தால் இரண்டில் ஒன்று: பணம் வரவில்லை, அல்லது மார்ச் கடைசியில் சரக்கைத் தள்ளிவிட்டு விற்பனை என்று எழுதியிருக்கிறார்கள்.

எது என்று பின்னால் உள்ள குறிப்புகள் சொல்லும். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் பாக்கியை வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கும் மேல். இந்தக் கம்பெனியில் 60 லட்சம் ஒரு வருடத்தைத் தாண்டிய பாக்கி. வராக்கடனுக்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. ஒதுக்கினால் லாபம் போய்விடுமே! பாதி வராது என்று வைத்தாலே, பையன் பெருமையாகக் காட்டிய 30 லட்சம் லாபம் பூஜ்யம். (ஆடிட்டர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவருடைய அறிக்கையில் இதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. யாரும் புரட்டவில்லை.)

பாக்கி வரும் என்ற நம்பிக்கையில் என்ன நடக்கும் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்தபோது பர்மாவில் செட்டியார்களிடம் கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார்களின் நிலப்பங்கு 1938-ல் இருபத்தைந்து ஆனது. ஐந்தொகையில் சொத்து பெரிதாகத்தான் தெரிந்திருக்கும். விற்க ஆளில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், விடுதலைக்குப் பின் பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. ஏட்டில் இருப்பதும் கைக்கு வருவதும் வேறு வேறு என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

கரன்ட் ரேஷியோ 1.46 என்று பையன் சொன்னதும் முன்வரிசை எழுதிக்கொண்டது. ஒரு வருடத்துக்குள் பணமாக வேண்டிய சொத்து 410-ஐ, ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய 280-ஆல் வகுத்தது, கணக்கு சரி. அந்த 410-ல் ஒரு வருடத்தைத் தாண்டிய 60 லட்சம் பாக்கியும், மூன்று வருடமாகக் குடோனில் கிடக்கும் பழைய டிசைன் சரக்கு 40 லட்சமும் சேர்த்தி. சரக்கை அடக்க விலை அல்லது விற்றால் கிடைக்கும் விலை, எது குறைவோ அதில் காட்ட வேண்டும் என்பது விதி. குறைத்தார்களா என்று யாராவது கேட்டார்களா? இரண்டையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், 310-க்கு 280. 1.11. இந்த விகிதத்தில் ஒரு பெரிய பார்ட்டி தவறினால் போதும், சம்பளத்துக்கே பேங்கின் கேஷ் கிரெடிட் கடனைத் தட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, மார்ச் 31 என்பது ஒரே ஒரு நாள். அன்று மாலை பேங்கில் பணம் இருக்கும்படி செய்வது பெரிய வித்தையல்ல. அதோடு, பொதுக்குழு கூடி, அரசுத் தளத்தில் தாக்கலாகி உங்கள் கைக்கு வரும்போது அதற்குப் பல மாதம் வயதாகியிருக்கும். வைப்பு கேட்டு வந்தவரிடம் கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரமும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள், பேங்க்காரன் கேட்கத்தானே செய்கிறான்?

முதலில் சொன்ன பெரியவர் கம்பெனியின் பங்குதாரரும் இல்லை, இயக்குநரின் சொந்தக்காரரும் இல்லை. பிரைவேட் கம்பெனி அப்படிப்பட்ட வெளியாளிடம் வைப்பு வாங்கவே கூடாது, சட்டத்தின் 73-ஆம் பிரிவு தடுக்கிறது. அவருடைய ரசீதில் 'கைமாற்று' என்று எழுதியிருந்தது. ரிசர்வுக்குச் சிவப்புக் கோடு போடுமுன் அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்திருக்கலாம். அவர் பணம் போட்ட கம்பெனியின் 'தற்செயல் பொறுப்புகள்' என்ற குறிப்பில், முதலாளியின் அண்ணன் நடத்தும் இன்னொரு கம்பெனியின் 90 லட்சம் கடனுக்கு இவர்கள் ஜாமீன் நிற்பதையும் நான்தான் காட்ட வேண்டியிருந்தது. மொத்தத் தொகையில் அது எங்கும் சேராது, குறிப்பில் மட்டும்தான் வரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு கும்பிடு. அடுத்த முறை மேடையேறும் பிள்ளை இரண்டு வருட எண்கள், பின்குறிப்புகள், ஆடிட்டர் அறிக்கை மூன்றும் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை முன்பெஞ்சில் உட்கார வையுங்கள்.