என்தால்பி: வெப்ப அடக்கமா, அடக்க ஆற்றலா?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் போன வாரம் ஒரு நோட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, என்தால்பின்னா வெப்ப அடக்கம்னு போட்டிருக்கு. உள்ளே அடங்கின வெப்பம் ஒண்ணுதானே? அப்புறம் மூடின பாத்திரத்துல ஒரு அளவு, திறந்த பாத்திரத்துல ஒரு அளவுன்னு எப்படி வருது?" கேள்வியில் தப்பே இல்லை. தப்பு மொழிபெயர்ப்பில்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'தால்பெய்ன்' என்றால் சூடாக்குதல். டச்சு இயற்பியலாளர் கேமர்லிங் ஓனஸ் உருவாக்கிய இந்தச் சொல் 1909-இல் அச்சேறியது. அதற்கு முன்பே அமெரிக்க விஞ்ஞானி கிப்ஸ் இதே கணியத்தை 'மாறா அழுத்தத்துக்கான வெப்பச் சார்பு' என்று நீட்டி எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'ஹீட் கன்டென்ட்' என்றும் சொன்னார்கள். நம்மவர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். இலங்கைப் பாடநூல்களின் 'வெப்பவுள்ளுறை'யும் அதே வழியில் வந்தது.

பொருளுக்குள் வெப்பம் அடங்கி இருப்பதில்லை. உள்ளே இருப்பது ஆற்றல். எல்லையைத் தாண்டிப் போகும்போதுதான் அதில் ஒரு பங்குக்கு வெப்பம் என்று பெயர். இன்னொரு பங்கு வேலையாகப் போகலாம்.

ஓர் உதாரணம். 65.4 கிராம் துத்தநாகத்தை, அதாவது ஒரு மோலை, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறோம். தொடக்கமும் முடிவும் 25 டிகிரி. வெளிவரும் ஹைட்ரஜன் ஏறக்குறைய 24.5 லிட்டர். திறந்த குடுவையில் அந்த வாயு தனக்கு இடம் பிடிக்க வெளிக்காற்றைத் தள்ளியாக வேண்டும். அதற்கு 2.5 கிலோஜூல் செலவாகிறது. நம் கைக்கு வெப்பமாக வருவது 153.9. இதையே இறுக மூடிய கெட்டிக் கலத்தில் செய்தால் (வீட்டில் வேண்டாம், வெடிக்கும்) தள்ள எதுவும் இல்லை, 156.4 கிலோஜூலும் வெப்பமாகவே வந்துவிடும். இரண்டிலும் உள்ளே குறைந்த ஆற்றல் ஒன்றேதான், 156.4. அதுதான் அக ஆற்றல் மாற்றம். கன அளவு மாறாதபோது வெப்பமும் அதுவும் ஒன்றாகிவிடுவதற்குக் காரணம் இவ்வளவுதான்: வேலைக்கு வழியே இல்லை.

அழுத்தம் மாறாதபோது கணக்கு இப்படிப் போகும். உள்வாங்கிய வெப்பம் q, அக ஆற்றல் U-வின் மாற்றத்தையும் இடம்பிடித்த செலவையும் சேர்த்தது. P அழுத்தம், V கன அளவு; 1 தொடக்கம், 2 முடிவு.

```
q = (U2 − U1) + P(V2 − V1)
  = (U2 + PV2) − (U1 + PV1)
```

P இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால்தான் இப்படிப் பிரித்து அடுக்க முடிகிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் U + PV-க்கு H என்று பேர் வைத்தார்கள். என்தால்பி அதுதான். அங்கே வெப்பம் எங்கே இருக்கிறது? ஆற்றலும், அழுத்தமும், கன அளவும்தான் இருக்கின்றன.

'சரி, மாறா அழுத்தத்தில் வெப்பத்துக்குச் சமம் ஆகிறதே, வெப்ப அடக்கம் என்றால் என்ன குடி முழுகிவிடும்?' என்பார்கள். முழுகும். துத்தநாகத் தூளைக் காப்பர் சல்பேட் கரைசலில் கொட்டிக் கலக்கினால் மோலுக்குச் சுமார் 219 கிலோஜூல் வெப்பமாக வரும். அதே வினையை டேனியல் மின்கலமாக அமைத்து, மிக மெதுவாக ஒரு மோட்டாரை ஓட்டவிட்டால் 212 வரை மின்வேலையாகப் போய்விடும். வெப்பமாக மிஞ்சுவது ஆறோ ஏழோ. அழுத்தம் மாறவில்லை. என்தால்பி மாற்றமும் அதே 219. வெப்பம் மட்டும் எங்கோ போய்விட்டது. இடம்பிடிக்கும் வேலையைத் தவிர வேறு வேலை நடக்கக் கூடாது என்ற நிபந்தனையை 'வெப்ப அடக்கம்' விழுங்கிவிடுகிறது. ஆங்கிலக்காரர்களே பெரும்பாலும் கைவிட்ட பேரை நாம் மட்டும் ஏன் கட்டிச் சுமக்க வேண்டும்? மொழிபெயர்ப்பவர்கள் வரையறையைப் பார்க்காமல் லேபிளை மட்டும் பெயர்த்தால் இதுதான் கதி.

வேடிக்கை என்னவென்றால், 'அடக்கம்' நல்ல சொல். கெடுத்தது 'வெப்ப'. கடைக்காரர் அடக்க விலை என்கிறாரே, சரக்கின் விலையோடு வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்தது. H-உம் அப்படித்தான்: அக ஆற்றலோடு இடம்பிடித்த கூலி PV-யும் சேர்த்தது. ஆகவே 'அடக்க ஆற்றல்' என்பேன். அக ஆற்றல், அடக்க ஆற்றல் என்று ஜோடியும் சேர்கிறது. 'உள்ளே அடங்கிய ஆற்றல்' என்று சிலர் படிக்கக்கூடும், அந்தக் குறை உண்டு. ஆனாலும் பொய் சொல்லவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "பரீட்சையில அடக்க ஆற்றல்னு எழுதினா மார்க் போடுவாங்களா?"

போட மாட்டார்கள். என்தால்பி என்றே எழுதச் சொல்லி, நோட்ஸில் அந்த 'வெப்ப அடக்க'த்தை மட்டும் பேனாவால் அடித்துக் கொடுத்தேன்.