மரத்த கையில் எரிவது எது?

பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. இடது கையைக் கிள்ளினால் உறைப்பதில்லை, ஊசி குத்தினாலும் ஏதோ மழுங்கலாகத் தொடுவது போல்தான் இருக்கிறது. அதே கைதான் இரவில் தணல் மேல் வைத்தது போல எரிகிறது. போர்வை உரசினால் இன்னும் கூடுகிறது. "உணர்ச்சியே இல்லை என்கிறீர்கள், பிறகு வலிக்கிறது என்கிறீர்கள்" என்று வீட்டாரும், சில வேளை மருத்துவரும் குழம்புவார்கள். உண்மையில் இதில் முரண்பாடே இல்லை. உணர்ச்சி போனதும் எரிச்சல் வந்ததும் ஒரே காயத்தின் இரு முகங்கள்.

அந்தக் காயம் கையில் இல்லை. மூளையின் நடுவே, இரு பக்கமும் முட்டை வடிவில் ஒவ்வொன்றாக இருக்கும் தாலமஸில் இருக்கிறது. முகர்வு தவிர மற்றப் புலனுணர்வுகள் எல்லாம் இதன் வழியாகத்தான் மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போகின்றன. இதன் பின்-வெளிப் பகுதி உடலின் எதிர்ப்பக்க உணர்வைப் பெற்று மேலே அனுப்புகிறது. அங்கே இரத்தம் கொண்டுபோகும் தமனிகள் நூல் போல மெல்லியவை. அவற்றில் ஒன்று அடைபட்டு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத இடம் செத்துப்போனாலும், எதிர்ப்பக்கத்துக் கை, கால், வாயோரம் மரத்துவிடும். தாலமஸ் பாதிப்புக்குப் பின் வரும் இந்த வலியை டெஜரின், ரூஸி என்ற இரு பிரெஞ்சு நரம்பியலாளர்கள் 1906-இல் விவரித்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள் அனைவரையும் எடுத்துக்கொண்டால் நூறு பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு மைய நரம்பு வலி, அதாவது மூளைக் காயத்தாலேயே எழும் வலி, வருகிறது. அடைப்பு இந்தப் பகுதியில் இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

கையிலிருந்து மூளைக்குச் செல்லும் உணர்வு எல்லாம் ஒரே பாதையில் போவதில்லை. மென்தொடுகை, அதிர்வு, விரல் எந்த நிலையில் இருக்கிறது என்ற அறிவு ஆகியவை ஒரு பாதை. வலி, சூடு, குளிர் ஆகியவை வேறொரு பாதை. தாலமஸ் வலி வந்தவர்களில் தொடுகைப் பாதை ஓரளவு தப்பியிருக்கலாம், முழுதாகவும் போயிருக்கலாம். ஆனால் வலி-வெப்பப் பாதை ஏறக்குறைய எல்லோரிடமும் கெட்டிருக்கும். இந்த நோயின் சாவி அங்கேதான் இருக்கிறது.

குளிரை உணரும் பாதை வெறும் தகவல் கொண்டுபோவதோடு நிற்பதில்லை. எரிச்சலை அடக்கவும் செய்கிறது என்பது ஒரு விளக்கம். இதற்கு 1896-இலேயே ஒரு வேடிக்கையான ஆதாரம் கிடைத்தது. சூடும் குளிருமான உலோகக் கம்பிகளை மாற்றி மாற்றி அடுக்கி, அவற்றின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னார் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் துன்பெரி. இன்று அந்தச் சோதனையைச் செய்பவர்கள் ஏறத்தாழ 20 பாகை, 40 பாகை செல்சியஸ் கம்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். எந்தக் கம்பியைத் தனியே தொட்டாலும் சுடாது. எல்லாவற்றின் மேலும் ஒருசேரக் கை வைத்தால் சட்டென்று சுடுவது போல எரியும். கதகதப்பு குளிர்ச் செய்தியை மங்கடித்துவிடுகிறது, அதுவரை அடங்கிக் கிடந்த எரிச்சல் வழி திறந்துகொள்கிறது என்று இதை விளக்குகிறார்கள். தாலமஸில் குளிர்ப் பாதை அறுந்துபோனவருக்கு அந்த வழி நாள் முழுக்கத் திறந்தே இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

அழகான விளக்கம்தான், ஆனால் முழு விடை அல்ல. குளிர் உணர்வை அதே அளவு இழந்தும் வலியே வராதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மிஞ்சிய நரம்பணுக்கள் என்ன செய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வரவேண்டிய சைகை நின்றுபோன தாலமஸ் அணுக்கள் அமைதியாக இருப்பதில்லை. மின்னழுத்தம் இறங்கி, பிறகு கொத்துக் கொத்தாகத் தாமாகவே சைகை அனுப்பத் தொடங்குகின்றன. புறணிக்குப் போய்ச் சேரும்போது அது 'கையில் ஏதோ நடக்கிறது' என்ற செய்தியாகவே வாசிக்கப்படுகிறது. இந்த மறுஒழுங்கு நடக்க நாளாகும். அதனால்தான் மருத்துவமனையில் இருக்கும்போது வெறும் மரப்பாக இருந்தது, பெரும்பாலும் சில வாரங்கள், மாதங்கள் கழித்து எரியத் தொடங்குகிறது. பலர் இதைப் புதுப் பக்கவாதம் என்று அஞ்சுவார்கள். மெல்ல மெல்லக் கூடும் எரிச்சல் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. மரப்போ பலவீனமோ திடீரென்று வந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இதைக் கண்டுபிடிப்பதில் நடக்கும் தவறு சிறியதுதான். பரிசோதிப்பவர் பஞ்சை எடுத்துக் கையில் தடவுவார், நோயாளி "தெரிகிறது" என்பார், உணர்ச்சி சரியாக இருக்கிறது என்று எழுதப்படும். பஞ்சு சோதித்தது முதல் பாதையை மட்டும். முன்னே சொன்ன இடது கைக்காரர் 60 வயதுப் பெண் என்றும், வலது தாலமஸில் சிறு அடைப்பு என்றும் வைத்துக்கொள்வோம். குளிர்ந்த நீரில் வைத்திருந்த உலோக இசைக்கவையைத் துடைத்துவிட்டு முதலில் அவருடைய வலது உள்ளங்கையில் வைக்கிறோம். "சில்லென்று இருக்கிறது" என்று உடனே சொல்கிறார். பிறகு இடது உள்ளங்கையில் வைக்கிறோம். ஓரிரு நொடிக்கு எதுவும் இல்லை. பிறகு முகம் சுளிக்கிறார். "சுடுகிறது" என்கிறார், குளிர் என்று சொல்லவே இல்லை. எரிச்சல் முழங்கை வரை ஏறுகிறது. உலோகத்தை எடுத்த பின்னும் சிறிது நேரம் நிற்கிறது. வாயின் இடது ஓரத்திலும் அதே கதை.

தோள் வலியோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. பக்கவாதம் வந்த கையில் தோள்மூட்டு இறுகி வலிப்பது சாதாரணம். அது கையைத் தூக்கிவிடும்போது வலிக்கும், சும்மா இருந்தால் அடங்கும். மைய நரம்பு வலி மூட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல. சும்மா கிடக்கும்போதே எரியும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. சர்க்கரை நோயால் வரும் எரிச்சல் வழக்கமாக இரு பாதங்களிலும் ஒன்றுபோல வரும்.

காயம் மூளையில் என்பதால் பாராசிட்டமாலும் வீக்கம் குறைக்கும் மாத்திரைகளும் பெரும்பாலும் உதவுவதில்லை. நரம்பணுக்களின் பரபரப்பைக் குறைக்கும் மருந்துகளே வேண்டும். 1989-இல் 15 பேரிடம் நடந்த ஆய்வில் நாளுக்கு 75 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் 10 பேருக்குப் பலன் தந்தது, வெற்று மாத்திரை ஒருவருக்கு மட்டும். நடைமுறையில் இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். வாய் வறளும், தூக்கம் அசத்தும், சிறுநீர் தடைபடலாம். இதயத் துடிப்புக் கோளாறோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால் மருத்துவர் வேறு மருந்தை நாடுவார். லாமோட்ரிஜின் 200 மில்லிகிராமும் ஓரளவு உதவியிருக்கிறது, ஆனால் தோலில் கடும் எதிர்வினை வராமல் இருக்கப் பல வாரம் எடுத்து ஏற்ற வேண்டும். ப்ரிகாபலின் எல்லோருக்கும் வலியைக் குறைப்பதில்லை, தூக்கத்தைச் சீராக்கவே அதிகம் உதவுகிறது. இவற்றில் எதையும் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எரிச்சலுக்கு இதம் தேடி வெந்நீர்ப் பையை வைப்பார்கள். அந்தக் கை சூட்டை அறியாது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். குளிக்கும் நீரை நல்ல கையின் முழங்கையால்தான் பார்க்க வேண்டும். குளிர் எரிச்சலைக் கிளப்பும் என்பதால் தளர்வான பருத்திக் கையுறை பலருக்கு உதவுகிறது. இறுக்கமானது உரசியே வலிக்கும்.

மருந்து பிடித்தால் வலி பூஜ்யமாகாது. பத்துக்கு ஏழாக இருந்தது நான்கானால் அதை வெற்றி என்றே கணக்கு வைக்கிறார்கள். நம் அறுபது வயதுப் பெண்ணுக்கு முழங்கை வரை ஏறிய எரிச்சல் உள்ளங்கையோடு நின்றுவிட்டால், இரவில் நான்கைந்து மணி நேரம் தூங்குவார். குளிர்ந்த டம்ளரை எடுக்க மட்டும் வலது கையையே நீட்டுவார்.