இயல்பு விலக்கம்: மழைக் கணக்கில் ஒரு சொல்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, "மதுரை மாவட்டத்தில் மழை 20 சதவீதம் குறைவு" என்று செய்தி வரும். வானிலைத் துறை ஆங்கிலத்தில் இதை 'டிபார்ச்சர்' என்கிறது. பிரிதல், பங்கிடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ரயில் நிலையத்தில் அது புறப்பாடு; மழைக் கணக்கில் அது இயல்பிலிருந்து விலகி நிற்கும் அளவு.

தமிழில் 'மழை விலகல்' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பருவமழை முடிந்து போவதையும் 'விலகியது' என்றுதானே சொல்கிறோம்? புள்ளியியலில் 'திட்ட விலக்கம்' ஏற்கெனவே பழகிய சொல். அதை ஒட்டி 'இயல்பு விலக்கம்' என்றால் குழப்பம் இல்லை.

இயல்பு என்பது போன வருடத்து மழை அல்ல. இப்போது 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுச் சராசரியை வானிலைத் துறை இயல்பாக வைத்திருக்கிறது. பெய்த மழையிலிருந்து இயல்பைக் கழித்து, இயல்பால் வகுத்து, நூறால் பெருக்கினால் விலக்கம் கிடைக்கும். கழித்தல் 19 முதல் கூட்டல் 19 வரை வந்தால் அது 'இயல்பான மழை'தான். கழித்தல் 20-லிருந்து 'குறைவு', கழித்தல் 60-லிருந்து 'மிகக் குறைவு'.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. நவம்பர் நடுப்பகுதி வரை மாவட்டத்தின் இயல்பு 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலூரில் 300, சோழவந்தானில் 250, உசிலம்பட்டியில் 120, பேரையூரில் 130 பெய்திருக்கிறது. சராசரி 200, விலக்கம் கழித்தல் 20. தாளில் வருவது இந்த ஒற்றை எண்தான். ஆனால் மேலூர்க்காரருக்கு இது நல்ல மழை, பேரையூர் மானாவாரிக்காரருக்கு விதைத்தது கருகும் மழை. அதனால் மாவட்ட எண்ணோடு நிறுத்தாமல், பக்கத்து மழைமானி நிலையத்தின் அளவையும் பார்க்க வேண்டும்.

பருவத்தின் தொடக்கத்தில் இந்தச் சதவீதம் ரொம்பவே துள்ளும். அக்டோபர் முதல் மூன்று நாளுக்கு இயல்பு 10 மில்லிமீட்டர்தான் என்றால், ஒரே மாலையில் 25 பெய்தாலே கூட்டல் 150 ஆகிவிடும். அதில் கண்மாய்க்குப் பெரிதாகத் தண்ணீர் வராது. நவம்பர் கடைசிக்கு மேல் வரும் எண்ணுக்கே அர்த்தம் அதிகம். அப்போதும் அது மொத்தத்தை மட்டும் சொல்லும். இரண்டு நாளில் கொட்டியதா, இருபது நாள் நின்று பெய்ததா என்று சொல்லாது.

அப்புறம், மதுரையின் விலக்கத்தை வைத்து வைகையைக் கணிக்கக் கூடாது. ஆற்றுக்கு வரும் தண்ணீர் தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையிலும், கேரளப் பக்கம் பெரியாறு நீர்ப்பிடிப்பிலும் பெய்வது. பெரியாற்றுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் முக்கியம். பெரியாறு பாசனத்தை நம்பி நாற்று விடுபவர் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இடுக்கி மாவட்ட எண்ணைப் பார்ப்பதே பயன் தரும்.