கைப்பேசி தொலைந்தால், சிம் செயலிழந்தால்: வங்கிக்கு உடனே சொல்ல வேண்டியது ஏன்?

வங்கியில் பதிவு செய்த எண் திடீரென வேலை செய்யாமல் போனால், அதைச் சிக்னல் கோளாறு என்று எண்ணிக் காத்திருப்பவர்களே அதிகம். அருகில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் கிடைத்து, உங்கள் கைப்பேசியில் மட்டும் ‘No Service’ என்று தொடர்ந்து காட்டினால், வேறொரு கைப்பேசியிலிருந்து உங்கள் எண்ணுக்கே அழைத்துப் பாருங்கள். உங்கள் கையில் இருப்பது ஒலிக்காமல் மறுமுனையில் மணி அடித்தால், உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

மாற்று சிம் செயல்படத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்கு அதில் குறுஞ்செய்தி வசதியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை விதித்திருக்கிறது. மோசடிக்காரரிடம் உங்கள் சிம் போய்விட்டாலும், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி உடனே அவர் கைக்குக் கிடைக்காது. கணக்கை முடக்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான். ஆனால் கைப்பேசியே திருட்டுப் போனால் இந்த அவகாசம் கிடையாது. பழைய சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டாலே ஓடிபி வரத் தொடங்கிவிடும். சிம்மைப் பூட்டும் ரகசிய பின் எண்ணை வைத்திருந்தால் மட்டுமே அது தடைபடும். கைப்பேசி உறையின் பின்புறம் ஏடிஎம் அட்டையைச் செருகி வைக்கும் பழக்கம் இங்குதான் பெரிய ஆபத்தாகிறது. அட்டையின் கடைசி ஆறு எண்கள், காலாவதி மாதம், ஓடிபி ஆகியவற்றைக் கொண்டே யுபிஐ பின்னை மாற்றிவிட முடிகிறது. அட்டையும் சிம்மும் ஒரே உறையில் போனால் இவை அனைத்தும் ஒரே கைக்குச் சேர்ந்துவிடும்.

பணம் போனபின் யார் பொறுப்பு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்துள்ளது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்ற நிலையில், பரிவர்த்தனை பற்றிய தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் ஏற்க வேண்டும். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கையே முடிவு செய்யும். பின் எண்ணைப் பிறரிடம் சொன்னது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது.

ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணின் கைப்பேசி பறிபோகிறது. 7.40-க்கு அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து 40,000 ரூபாய் எடுக்கப்படுகிறது. அவர் 8.15-க்கு வங்கிக்குச் சொல்கிறார். அதன் பின்னரும் 9 மணிக்கு 25,000 ரூபாய் போகிறது. இந்த 25,000 எந்த நிலையிலும் வங்கியின் பொறுப்பு. அவர் பக்கம் கவனக்குறைவு இல்லையெனில் 40,000-மும் அவருக்குத் திரும்ப வர வேண்டும். பின் எண்ணை அட்டை உறையில் எழுதி வைத்திருந்தால் அந்த 40,000 அவருடைய இழப்பாகிவிடலாம். கவனக்குறைவு இல்லாமலேயே ஐந்தாம் வேலை நாளில்தான் சொல்லியிருந்தால், இரண்டு பரிவர்த்தனைகளுக்குமாக 20,000 ரூபாய் வரை அவர் தலையில் விழும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் கடமை வங்கிக்கே உரியது என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பணம் எடுக்கப்பட்ட செய்தி உங்கள் கையில் இல்லாத எண்ணுக்கே போவதால், நாள் கணக்கு எப்போது தொடங்கியது என்பதே பின்னர் வாதமாகலாம். ஆகவே பணம் போனதா என்று தெரியும்வரை காத்திராமல், எண் போனவுடனேயே வங்கியின் 24 மணி நேரக் கட்டணமில்லா எண்ணை அழைத்து, அட்டை, யுபிஐ, இணைய வங்கி மூன்றையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் கிளைக்கு எழுத்திலும் கொடுங்கள். பிறகே தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சிம்மை நிறுத்தச் சொல்லலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐயும் அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அதை நிறுத்தி வைக்க அந்த எண் உதவும்.

தெரிவித்த நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் பொறுப்பைத் தீர்மானித்துப் புகாரை முடிக்க வேண்டும். உங்களிடம் உள்ள புகார் எண்ணும் நேரமும்தான் அந்த நாள் கணக்கின் முதல் நாளைக் காட்டும் சான்று.