பயிற்சி வேலையைத் தள்ளிப்போட்டதா? 0.8 என்ற ஹசார்டு விகிதத்தை வாசித்த கதை

மார்த்தாண்டம் பக்கம் உள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் நிர்வாகி, சென்ற ஆண்டு ஓர் அறிக்கையோடு நாகர்கோவிலில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். முந்திரி ஆலை மூடப்பட்டதாலோ கடைகளில் ஆட்குறைப்பு நடந்ததாலோ வேலையிழந்தவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து, மூன்று மாதப் பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். அட்டவணையில் ‘பயிற்சி’ என்ற வரிக்கு எதிரே `exp(coef)` என்ற தலைப்பின் கீழ் 0.8 என்று இருந்தது. அதுதான் ஹசார்டு விகிதம். “சார், பயிற்சிக்கு வந்தவங்களுக்குத்தான் ஆபத்து குறைவுன்னு எழுதியிருக்கு. நல்லதுதானே?” என்று கேட்டார். அறிக்கையை எழுதியவரோ அதே எண்ணை, ‘பயிற்சி பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்கவில்லை’ என்று வாசித்திருந்தார். இரண்டு வாசிப்பும் தவறு. அதைவிட முக்கியமாக, அந்த 0.8 என்ற எண்ணே தவறாகக் கட்டப்பட்ட கணக்கிலிருந்து வந்தது. இந்தக் கட்டுரையில் உள்ள எண்கள் யாவும் விளக்கத்துக்காக நான் எளிமையாக்கியவை. கணக்கின் போக்கு மட்டுமே அந்த அறிக்கையினுடையது.

முதலில் சொல்லைப் பற்றி. அந்த அறிக்கை பயன்படுத்தியது, புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1972-இல் முன்வைத்த மாதிரி. அது மருத்துவ ஆய்வுகளின் வழியாகவே பெரிதும் பரவியது. அங்கே எதிர்பார்க்கப்படும் நிகழ்வு பெரும்பாலும் மரணம் அல்லது நோய் திரும்புவது என்பதால் ‘ஹசார்டு’ என்ற பெயர் பொருந்தியது. நாமும் அதை ‘இடர்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். வேலையின்மைக் கணக்கில் நிகழ்வு என்பது வேலை கிடைப்பது. ஆகவே இங்கே விகிதம் 1-க்கு மேல் இருந்தால் நல்ல செய்தி, 1-க்குக் கீழே இருந்தால் கெட்ட செய்தி. மருத்துவக் கட்டுரைகளைப் படித்துப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இதனால்தான் நான் இந்தத் துறைக்கு எழுதும்போது ‘இடர்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, ஹசார்டு என்றே எழுதுகிறேன்.

இந்தக் கணக்கு செய்வது இதுதான். ஒருவருக்கு வேலை கிடைக்கும் ஒவ்வொரு முறையும், வேலையிழந்து அதே அளவு நாட்கள் ஆகியும் இன்னும் காத்திருப்பவர்கள் யார் யார் என்று பார்க்கிறது. அந்த வரிசையிலிருந்து இவர் எழுந்து போனதற்கும் பயிற்சி, வயது போன்றவற்றுக்கும் என்ன தொடர்பு என்று மதிப்பிடுகிறது. ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டவர்கள் அந்த வரிசையில் இல்லை. ஆகவே ஹசார்டு விகிதம் என்பது இன்னும் காத்திருப்பவர்களிடையே வேலை கிடைக்கும் வேகத்தின் ஒப்பீடு. மொத்தத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதன் விகிதமோ, எத்தனை நாள் மிச்சமானது என்பதன் விகிதமோ அது அல்ல.

இப்போது அந்த 0.8 எப்படி வந்தது என்று பார்ப்போம். தரவுத்தாளில் ஒருவருக்கு ஒரு வரி வீதம், வேலையிழந்த நாளிலிருந்து வேலை கிடைத்த நாள் வரையிலான காலமும், ‘பயிற்சி: ஆம் / இல்லை’ என்ற ஒரு கட்டமும் இருந்தன. ஆனால் யாரும் வேலையிழந்த அன்றே பயிற்சியில் சேரவில்லை. பெரும்பாலோர் ஒன்றிரண்டு மாதம் தாங்களே வேலை தேடிப் பார்த்து, கிடைக்காத பிறகுதான் நிலையத்துக்கு வந்திருந்தார்கள். அந்த இரண்டு மாதத்துக்குள் வேலை கிடைத்துவிட்டவர்கள் பயிற்சிப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் அனைவரும் ‘இல்லை’ கட்டத்தில் விழுந்தார்கள்.

100 பேரை வைத்து இதைப் பார்க்கலாம். பயிற்சியால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். காத்திருப்பவர்களில் 10 சதவீதம் பேருக்கு மாதந்தோறும் வேலை கிடைக்கிறது. முதல் மாதம் 10 பேர், இரண்டாம் மாதம் 9 பேர் வேலைக்குப் போகிறார்கள். மீதமுள்ள 81 பேரில் 40 பேர் பயிற்சியில் சேருகிறார்கள். இப்போது தாளில் இந்த 40 பேரும் முதல் நாளிலிருந்தே ‘பயிற்சி பெற்றவர்கள்’. முதல் இரண்டு மாதத்தில் இவர்களில் ஒருவருக்குக்கூட வேலை கிடைத்திருக்க வழியில்லை, கிடைத்திருந்தால் இவர்கள் இந்தக் குழுவிலேயே இருந்திருக்க மாட்டார்கள். மற்ற 60 பேரிலோ முதல் மாதம் 60-க்கு 10, இரண்டாம் மாதம் 50-க்கு 9 என்று, உண்மையான 10 சதவீதத்தைவிட மிக அதிக வேகம் தெரிகிறது. மூன்றாம் மாதத்திலிருந்து இரு குழுவும் ஒரே வேகத்தில் போனாலும் ஒட்டுமொத்த விகிதம் 1-க்குக் கீழே இறங்கிவிடும். ஒன்றும் செய்யாத பயிற்சி, வேலையைத் தள்ளிப்போட்டதாகப் பழி சுமக்கும். மருத்துவத்தில் இதே பிழை நேரெதிராக வேலை செய்யும். மருந்து தொடங்கும் வரை உயிரோடு இருந்த நாட்களை மருந்தின் கணக்கில் சேர்ப்பதால், பயனற்ற மருந்துகூட உயிர் காப்பதாகத் தோன்றும்.

இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் தேவையில்லை. பயிற்சி பெற்றோர் குழுவில் முதல் சில வாரங்களில் வேலை பெற்றவர் எவராவது உண்டா என்று தாளில் தேடுங்கள். ஒருவர்கூட இல்லை என்றால், அந்த வெற்றிடம் பெரும்பாலும் இந்தப் பிழையின் தடம்தான்.

திருத்தம், ஒருவரின் காலத்தைத் துண்டு துண்டாக எழுதுவது. 27-ஆம் எண் கொண்டவர் வேலையிழந்த 60-ஆம் நாள் பயிற்சியில் சேர்ந்தார், 150-ஆம் நாள் முடித்தார், 210-ஆம் நாள் வேலை பெற்றார் என்றால், அவருக்கு மூன்று வரிகள்:

```
id  thodakkam  mudivu  nilai  velai
27      0        60    mun      0
27     60       150    pothu    0
27    150       210    pin      1
```

பயிற்சிக்கே வராதவர் கடைசி வரை `mun` நிலையிலேயே இருப்பார். R மென்பொருளில், `survival` தொகுப்பை ஏற்றியபின், கட்டளை இவ்வளவுதான்:

```
coxph(Surv(thodakkam, mudivu, velai) ~ nilai + vayathu, data = d)
```

இப்படி எழுதியதும் ஒற்றை 0.8 மறைந்து இரண்டு எண்கள் வந்தன. பயிற்சியின்போது 0.4, பயிற்சிக்குப் பின் 1.5. காலை முதல் மாலை வரை தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் வேலை தேடி அலைய முடியாது; பாதியில் விட்டால் சான்றிதழ் கிடைக்காது என்பதால் கிடைத்த சிறு வேலையையும் சிலர் மறுப்பார்கள். அதனால் 0.4 என்னை வியக்க வைக்கவில்லை. ஒரே பயிற்சி ஒரு கட்டத்தில் வேகத்தைக் குறைத்து மறுகட்டத்தில் கூட்டுகிறது என்றால், காலம் முழுவதற்கும் ஒரே விகிதம் என்ற இந்த மாதிரியின் அடிப்படை அனுமானம் பழைய தாளில் உடைந்திருந்தது என்று பொருள். `cox.zph` என்ற சோதனையை ஓட்டியிருந்தால் அப்போதே சந்தேகம் எழுந்திருக்கும். துண்டாக்கிய பிறகும் அதை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்து 1.5. ‘பயிற்சி பெற்றவர்களுக்கு வேலைவாய்ப்பு ஒன்றரை மடங்கு’ என்று அறிக்கையில் எழுத நிர்வாகி ஆசைப்பட்டார். அப்படி எழுதக் கூடாது. பயிற்சியை இன்று முடித்து வேலையில்லாமல் இருக்கும் 100 பேரையும், அதே அளவு நாட்களாக வேலையில்லாமல் இருந்தும் பயிற்சிக்குப் போகாத 100 பேரையும் எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்குப் போகாத குழுவில் இன்னும் காத்திருப்போரின் பங்கு S0 தெரிந்தால், பயிற்சி முடித்த குழுவின் பங்கு S1 இந்தச் சூத்திரத்தில் கிடைக்கும்:

`S1(t) = S0(t)^1.5`

ஆறு மாதத்தில் பயிற்சியில்லாதவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றால் S0 = 0.5, அதன் 1.5 அடுக்கு சுமார் 0.35. அதாவது அங்கே 50 பேருக்கு வேலை, இங்கே 65 பேருக்கு. ஓராண்டில் அங்கே 75 பேர் என்றால் இங்கே 87 அல்லது 88 பேர். வேகத்தின் விகிதம் 1.5 ஆகவே இருக்க, வேலை பெற்றவர்களின் விகிதம் ஆறு மாதத்தில் 1.3, ஓராண்டில் ஏறத்தாழ 1.17. ஊரில் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும் நாளில் அது 1 ஆகிவிடும். காத்திருப்புக் காலமும் அப்படித்தான்; மாதாமாதம் வேகம் மாறாது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பேர் வேலை பெற அங்கே ஆறு மாதம், இங்கே நான்கு மாதம். இரண்டு குழுவிலிருந்தும் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தால், பயிற்சி பெற்றவர் முந்திக்கொள்ளும் வாய்ப்பு 1.5-ஐ 2.5-ஆல் வகுத்தது, அதாவது 60 சதவீதம். கூட்டங்களில் பேசும்போது இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் சொல்வேன். பத்தில் நான்கு முறை பயிற்சியில்லாதவரும் முந்துவார் என்பது அதில் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது.

ஆனால் பயிற்சியில் சேரலாமா என்று இன்று யோசிக்கும் ஒருவருக்கு 1.5 மட்டும் போதாது. அவர் முதலில் 0.4-இன் வழியாக மூன்று மாதம் நடக்க வேண்டும். வேகம் மாறாது என்ற எளிய அனுமானத்தில், வெளியே தேடுபவரின் ஒரு மாத வேகத்தை 1 என்று வைத்தால், அவர் மாதத்துக்கு 0.6 பங்கு பின்தங்குகிறார்; மூன்று மாதத்தில் அது 1.8 ஆகிறது. பயிற்சி முடிந்தபின் மாதத்துக்கு 0.5 பங்கு மீட்கிறார். 1.8-ஐ 0.5-ஆல் வகுத்தால் 3.6. பயிற்சியின் மூன்று மாதத்தையும் கூட்டினால், சேர்ந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஆறரை மாதம் கழித்துத்தான் இரு குழுவும் சமநிலைக்கு வரும். லாபம் அதன் பிறகே. அடுத்த மாதச் சீட்டுப் பணத்துக்கு வழி தேடும் ஒருவருக்கு இந்த ஆறரை மாதம்தான் தெரிய வேண்டிய எண். தானாக முன்வந்து சேர்ந்தவர்கள் இயல்பாகவே முனைப்பு உள்ளவர்களாக இருக்கலாம் என்பதால், 1.5 முழுவதையும் பயிற்சியின் கணக்கில் வரவு வைக்கவும் முடியாது.

இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று, தொடர்பு அறுந்தவர்கள். களப்பணியாளர் தொலைபேசியில் அழைத்தபோது ஒரு வீட்டில் தாய், “அவன் மஸ்கட்டுக்குப் போயாச்சு மக்கா” என்றார். தாளில் அது ‘தொடர்பு இல்லை’ என்று பதிவாகியிருந்தது. இந்த மாதிரி, முடிவு தெரியாதவர்களும் தெரிந்தவர்களைப் போன்றவர்களே என்று எடுத்துக்கொள்கிறது. வளைகுடாவுக்கோ கேரளத்துக்கோ போனவர் வேலை கிடைத்ததால்தான் தொடர்பில் இல்லை. பயிற்சி பெற்ற இளைஞர்கள் அதிகம் வெளியே போனால் பயிற்சியின் பலன் கணக்கில் குறைந்தே காட்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடும் இதற்கு உதவாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பவர்களில் தனியார் வேலையில் இருப்பவர்களும் உண்டு, வேலை கிடைத்த நாள் அதில் இருக்காது.

அதனால் கணக்கை இரண்டு முறை மீண்டும் ஓட்டினோம். தொடர்பு அறுந்தவர்கள் அனைவருக்கும் கடைசியாகப் பேசிய நாளிலேயே வேலை கிடைத்தது என்று ஒரு முறை. ஓராண்டு முடியும் வரை யாருக்கும் கிடைக்கவில்லை என்று மறுமுறை. பயிற்சிக்குப் பிந்தைய விகிதம் முதலாவதில் 1.7, இரண்டாவதில் 1.2. இரண்டும் 1-க்கு மேல் நின்றன. ஆனால் 1.2-இன் நம்பக இடைவெளியின் கீழெல்லை 1-க்குக் கீழே இறங்கியது, அதாவது பலனே இல்லை என்ற வாய்ப்பையும் ஒதுக்க முடியவில்லை. நிர்வாகி இறுதி அறிக்கையில் 1.5, 1.7, 1.2 என்ற மூன்று எண்களையும் அச்சிட ஒப்புக்கொண்டார், 0.4 என்ற எண்ணை மட்டும் பின்னிணைப்புக்குத் தள்ளலாமா என்று கேட்டார். அது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றேன்.