டாலர் ஏறிடுச்சு சார்!

இந்த மாதத்தில் மட்டும் நான்காவது முறை. கிளவுடு பில்லைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் வருகிறார். "டாலர் ஏறிடுச்சு சார், ப்ராஜெக்ட்ல ஒண்ணும் மிஞ்சல." பில் எங்கே என்று கேட்டால் கார்டு ஸ்டேட்மெண்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டுகிறார். அது பில் இல்லை. பணம் போனதற்கு மட்டும்தான் அது சாட்சி. எதற்குப் போனது, அதில் வரி எவ்வளவு, யார் பெயரில் போனது என்று எதுவும் அதில் இருக்காது. ஆடிட்டர் கேட்பது இன்வாய்ஸ் பி.டி.எஃப்.

கடைசியாக வந்தவர் தனியாக வேலை எடுத்துச் செய்யும் டெவலப்பர். அவருடைய கணக்கையே சொல்கிறேன், எண்களை மட்டும் வட்டமாக்கியிருக்கிறேன். வாடிக்கையாளரிடம் சர்வர் செலவு மாதம் 400 டாலர் என்று பேசி, அன்றைய மதிப்பில் டாலருக்கு 98 வீதம் உள்ளூர்ப் பணத்தில் 39,200 வாங்கிக்கொண்டார். மாத முடிவில் கார்டில் போனது 49,934. கூடுதலாகப் போனது 10,734. முழுப் பழியும் டாலர் மேல்.

பி.டி.எஃப்பைத் திறந்தோம். மொத்தம் 480 டாலர் என்று இருந்தது. 400 சேவைக்கு, 80 வரிக்கு. கார்டில் பணம் பிடித்த நாளில் டாலர் 101. ஆக, டாலர் ஏறியதால் வந்த நஷ்டம் 400 டாலருக்கு மூன்று வீதம் வெறும் 1,200. வங்கி போட்ட 3 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணம் 1,454. மீதி 8,080 அந்த 80 டாலர் வரி. நஷ்டத்தில் முக்கால் பங்கு வரி. டாலர் பாவம்.

அந்த வரி ஏன் விழுந்தது? கணக்கு தொடங்கும்போது தன் பெயரையும் சொந்தக் கார்டையும் கொடுத்தார், வரிப் பதிவு எண் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். எண் இல்லையென்றால் விற்பவர் கண்ணுக்கு நீங்கள் சாதாரண நுகர்வோர், உங்கள் ஊர் வரியைச் சேர்த்தே பில் போடுவார். பில்லில் உங்கள் எண் இல்லாததால் அந்த வரியைத் திரும்ப எடுக்கவும் வழி இருக்காது. எண் இருந்தால், பல நாடுகளில் வெளிநாட்டு நிறுவனம் வரி போடாமல் பில் அனுப்பும். ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியை நீங்களே கணக்கில் காட்டுவீர்கள், தகுதியிருந்தால் திரும்பவும் எடுத்துக்கொள்வீர்கள். சில நாடுகளில் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் எடுக்க முடியும்.

"வரியே போடல, அப்போ எனக்கு வரி இல்லைதானே?" என்று துள்ளுகிறவர்களும் உண்டு. இல்லை! கட்டும் பொறுப்பு உங்கள் தலைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். விற்பவர் அதே நிறுவனத்தின் உள்ளூர்க் கிளையாக இருந்தால் கதை வேறு. உள்ளூர் வரி போட்டே பில் வரும், உங்கள் எண் அச்சாகியிருந்தால் திரும்ப எடுக்கலாம். அதனால் இன்வாய்ஸில் விற்பவரின் பெயரையும் முகவரியையும் முதலில் படியுங்கள். வரிப் பதிவே இல்லாதவருக்கு இதில் தப்பிக்க வழியில்லை. அந்த வரியைச் செலவாக எண்ணித்தான் விலை சொல்ல வேண்டும்.

எண்ணை இன்றே போடுங்கள். AWS-ல் அது `Tax settings` பக்கத்தில் இருக்கிறது. இனி வரும் பில்களுக்குத்தான் அது பொருந்தும், போன மாதங்களைத் திருத்தித் தருவார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம். கூகுள் கிளவுடில் பில்லிங் கணக்கின் நாணயத்தைத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது, ஆகவே தொடங்கும்போதே யோசியுங்கள்.

வங்கிக் கட்டணம் பல ஸ்டேட்மெண்ட்களில் தனியாகத் தெரியாது, மாற்று மதிப்பிலேயே கலந்திருக்கும். பிடித்த தொகையை டாலரால் வகுத்துப் பாருங்கள். இவருக்கு 49,934-ஐ 480-ஆல் வகுத்தால் 104.03 வருகிறது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் அன்றன்றைய மதிப்பைத் தங்கள் தளத்தில் காட்டுகின்றன. அதற்கும் நீங்கள் வகுத்துப் பார்த்த மதிப்புக்கும் உள்ள இடைவெளிதான் வங்கி எடுத்தது. பணம் திரும்பி வந்தாலும் திரும்பிய நாளின் மதிப்பில்தான் வரும், கட்டணம் வராமலும் போகலாம்.

புத்தகத்தில் எழுதும்போது எல்லாவற்றையும் சர்வர் செலவு என்று ஒரே தலைப்பில் தள்ளிவிடாதீர்கள். பில் தேதியின் மதிப்பில் செலவு, பணம் போன நாள்வரை வந்த வித்தியாசம் செலாவணி நஷ்டத்தில், கட்டணம் வங்கிச் செலவில். வரிக் கணக்குக்கு எந்த மதிப்பு என்பதை உங்கள் நாட்டு வரித்துறை தனியாகச் சொல்லியிருக்கலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வாடிக்கையாளரிடம் பேசும்போது டாலரிலேயே பேசுங்கள். "கார்டில் பிடிக்கும் நாளின் மதிப்பில், வங்கிக் கட்டணம் உட்பட" என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த 1,200-க்கும் 1,454-க்கும் மருந்து அதுதான். 8,080-க்கு மருந்து அந்தக் காலிக் கட்டத்தை நிரப்புவது. தயவுசெய்து இனி எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள்.