பாதி வழியில் திட்டவிலக்கம் பொய்த்துவிட்டால்: மருந்தாய்வில் மாதிரி அளவைத் திருத்துவது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரத்த அழுத்த மருந்தாய்வில் புள்ளியியலாளராக வேலை பார்த்தேன். ஆய்வின் அடையாளம் தெரியாமலிருக்க இங்கே எண்களை மாற்றித் தருகிறேன். ஒரு பிரிவினருக்குப் புது மருந்து, இன்னொரு பிரிவினருக்கு பிளாசிபோ. 12 வாரத்தில் மேல் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரு பிரிவுக்கும் இடையே 5 மி.மீ. வித்தியாசம் இருந்தால் அதைத் தவறவிடக் கூடாது என்றார்கள் மருத்துவர்கள். திட்டவிலக்கம் 10 என்று வைத்துக்கொண்டோம். அந்த 10, ஒரே மருத்துவமனையில் கறாராகப் பொறுக்கியெடுத்த நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து வந்தது. எங்கள் ஆய்வோ பல ஊர்களில் நடந்தது.

உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, அதாவது பவர், 90%; இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் இருபக்கப் பிழை 5% என்றால், பிரிவுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு இதுதான்:

```
n = 2 * sigma^2 * (1.96 + 1.2816)^2 / delta^2
```

sigma 10, delta 5 என்று போட்டால் பிரிவுக்கு 85 பேர் வருகிறது. sigma வர்க்கமாக நிற்பதைக் கவனியுங்கள். உண்மையில் அது 13 ஆக இருந்துவிட்டால் 143 பேர் தேவை. அது தெரியாமல் 85 பேரோடு முடித்தால் பவர் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நல்ல மருந்தாகவே இருந்தாலும் பத்தில் மூன்று முறை ஆய்வு கைவிரிக்கும். ஊசிக்கும் பரிசோதனைக்கும் சம்மதித்து வந்தவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

இதற்கு வழி உண்டு. மொத்தம் 170 பேரில் பாதியான 85 பேரின் தரவு வந்ததும் திட்டவிலக்கத்தை மறுபடி கணக்கிடலாம் என்று புரோட்டோகாலிலேயே எழுதி வைத்திருந்தோம். யாருக்கு எந்த மருந்து என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. 85 பேரையும் ஒரே கும்பலாக வைத்துக் கணக்கிட்டால் போதும். அப்படிச் செய்யும்போது இரு பிரிவுகளின் வித்தியாசமும் உள்ளே கலந்து, சிதறலைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஆனால் சம பிரிவுகளில் அந்தக் கலப்பு delta-வின் வர்க்கத்தில் கால் பங்குதான். 5-க்கு அது 6.25. உண்மையான 169 இங்கே 175.25 ஆகத் தெரியும், அதாவது 13 என்பது 13.2 ஆகத் தெரியும். 143-க்குப் பதில் 148 பேரைச் சேர்ப்போம், அவ்வளவுதான். இதற்குக் கைமாறாக ரகசியம் காப்பாற்றப்படுகிறது, 5% பிழையும் நடைமுறையில் அசைவதில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஆளைக் கூட்டுவது முற்றிலும் வேறு விஷயம். அதற்குத் தனிப் புள்ளியியல் முறை வேண்டும். மருந்தாய்வுகளின் புள்ளியியலுக்காக 1998-ல் வந்த ICH E9 என்ற சர்வதேச வழிகாட்டியும் பிரிவுகளைத் திறக்காமல் செய்யும் இந்தச் சரிபார்ப்பை ஏற்கிறது.

எங்களுக்கு முதலில் வந்த திட்டவிலக்கம் 16.4. உடனே ஆளைக் கூட்டச் சொல்லி எழுதவில்லை. முதலில் தரவைத் துருவினோம். ஒரு மையத்தில் 158 என்பது 68 என்று பதிவாகியிருந்தது. 85 பேரில் ஒருவரின் எண் சராசரியிலிருந்து 90 விலகினால், அது ஒன்றே சிதறலின் வர்க்க அளவைக் கிட்டத்தட்ட 96 கூட்டும். 10 ஆக இருக்க வேண்டிய திட்டவிலக்கத்தை 14 ஆக்க ஒரு தட்டச்சுப் பிழை போதும்! இன்னொரு மையத்தில் நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார வைக்காமலே அளந்திருந்தார்கள். பதிவுப் பிழையைத் திருத்தினோம், அளக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தோம். அதன் பிறகும் 13.2 நின்றது. நோயாளிகள் உண்மையிலேயே பலதரப்பட்டவர்கள் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டோம்.

எப்போது பார்ப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. அவசரப்பட்டு 20 பேரில் பார்த்து 13.2 வந்தால், உண்மை 10 முதல் 19 வரை எங்கும் இருக்கலாம். பழைய ஊகம் பொய்த்ததா என்றே அதிலிருந்து சொல்ல முடியாது. 85 பேரில் அந்த இடைவெளி 11.5 முதல் 15.6 வரை சுருங்குகிறது. அப்போதும் 10 அதற்கு வெளியே நிற்கிறது. ரொம்பத் தாமதித்தாலோ ஆள் சேர்ப்பே முடிந்து, மையங்கள் மூடத் தொடங்கியிருக்கும்.

திட்டவிலக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் ஆளைக் குறைக்க மாட்டோம் என்றும், கூட்டினாலும் பிரிவுக்கு 170 பேரைத் தாண்ட மாட்டோம் என்றும் முன்கூட்டியே எழுதியிருந்தோம். இந்த உச்சவரம்பில்தான் சபலம் வரும். திட்டவிலக்கம் 17 வந்திருந்தால் 243 பேர் தேவைப்பட்டிருக்கும். 170 பேரோடு நின்றால் பவர் 77% தான். அந்த நிலையில் அதை அப்படியே ஸ்பான்சருக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் எழுதிக் கொடுத்து, தொடர்வதா என்று கேட்க வேண்டும். ஆனால் வேறொரு ஆய்வில், "எதிர்பார்க்கும் வித்தியாசத்தை 5-லிருந்து 6 ஆக்கிவிடலாமே சார்" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இந்த எண்களில் அதைச் செய்து பார்த்தால் 243 என்பது 169 ஆகிவிடும், வரம்புக்குள் கச்சிதமாக உட்காரும். நோயாளிக்கு 5 மி.மீ. குறைவதே பெரிய நன்மை என்று முதல் பக்கத்தில் எழுதிய மருத்துவர்கள் அதை மாற்றிக்கொள்ளவில்லையே. நான் கையெழுத்துப் போடவில்லை.